‘ஏ’ எழுத்தின் சுவிட்ச்

பேச்சு போன பிறகு என் வீட்டுக்காரருக்கு மிச்சமிருந்தது வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான். தசைகள் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டு வரும் வியாதி. அந்த விரலால் கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவார். எதிரே இருக்கும் திரையில் பெரிதாக விழும். தண்ணி, ஃபேன், முதுகு அரிக்குது. ஒரு நாள், “சாம்பார்ல உப்பு இல்ல, வாசனையிலயே தெரியுது” என்று அடித்தார். குழாய் வழியாகக் கஞ்சி போகிற மனுஷனுக்கு அடுப்படி நியாயம் எதற்கு என்று கத்தினேன். கத்திவிட்டுப் போய் உப்புப் போட்டேன்.

அது அவர் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தபோது வாங்கிய கீபோர்டு. ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் தனித்தனி சுவிட்ச், அதற்குள் குட்டி ஸ்பிரிங். விரலை மேலே வைத்திருந்தால் ஒன்றும் ஆகாது, லேசாகப் பாதி அமுக்கினாலே எழுத்து வந்துவிடும். போன் கண்ணாடியில் அந்த நடுங்குகிற விரல் பட்ட இடமெல்லாம் எழுத்தாகிவிடும். கடையில் விற்கும் சாதாரண கீபோர்டு ஒன்றை வாங்கிவந்து வைத்தேன். ரப்பரை அடிவரைக்கும் அழுத்த அவருக்குத் தெம்பு இல்லை. கண்ணை மூடிக்கொண்டார். அதைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன்.

அப்படிப்பட்ட கீபோர்டில்தான் ‘ஏ’ போனது. அவர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர். ‘ஏ’ இல்லாமல் ஒரு வார்த்தையும் முழுசாக வராது. முதலில் நாலு தரம் அமுக்கினால் ஒரு தரம் விழுந்தது, பிறகு அதுவும் நின்றது. நானே ஆத்திரம் தீரக் குத்திப் பார்த்தேன். வரவில்லை. சிமெண்ட் லாரி ஓடும் அரியலூரில் எதற்குள்தான் தூசி போகாது என்று ஊதினேன், துடைத்தேன். ம்ஹூம்.

பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் பள்ளிக்கூடத்தில் எனக்கு ரெண்டு வருஷம் பின்னால் படித்தவன். போட்டோ எடுத்து அனுப்பினேன்.

“அக்கா, இது புடுங்கிட்டு வேற சொருகுற மாடல் இல்ல. போர்டுல ஈயம் வச்சு பத்த வச்சிருக்கான். நானே வூட்டுக்கு வந்து பாக்குறேன், நீங்க தூக்கிட்டு அலையாதீங்க,” என்றான்.

நல்ல மனசுதான். ஆனால் நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வாரம் ஓட்டினான். அந்த வாரம் முழுக்க நான் பேசினேன், அவர் கண்ணைச் சிமிட்டினார். ஒரு சிமிட்டு ஆமாம், ரெண்டு சிமிட்டு இல்லை. நான் கேட்கத் தெரிந்ததற்கு மட்டும்தான் அவருக்குப் பதில் இருந்தது. அவராக எதையும் ஆரம்பிக்க வழியில்லை. விரல் சும்மா கிடந்தது.

வந்தவன் கட்டில் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். “மாமா, இப்ப சரி பண்ணிடலாம்,” என்று அவரிடம் சொல்லிவிட்டு, அடிப்பக்க ஸ்குரூவைக் கழற்றி உள்ளே இருந்த போர்டைத் திருப்பினான். ‘ஏ’ சுவிட்சின் ரெண்டு காலையும் இடுக்கியால் ஒன்றாகத் தொட்டான். திரையில் ‘ஏ’ விழுந்தது.

“போர்டு நல்லா இருக்கு. சுவிட்சுதான் அவுட்டு.”

புது சுவிட்சுக்கு எங்கே போவது என்றேன். ஓரத்தில் இருந்த ‘பாஸ்’ (Pause) பட்டனைக் காட்டினான். யாரும் தொடாத பட்டன், அதே சுவிட்ச். அதைக் கழற்றி இங்கே வைத்துவிடலாம் என்றான். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

முதலில் கெட்டுப்போன சுவிட்ச். சூட்டுக்கோலை வைத்து ஈயத்தை இளக்கி, உறிஞ்சும் பம்ப்பால் ‘டக்’கென்று இழுத்தான். ரெண்டு காலும் சுத்தமாகத் தெரிந்தன. மேலே இருந்து சுவிட்சைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. ஈயம் இன்னும் ஒட்டியிருக்கிறது என்று அதே ரெண்டு காலிலும் திரும்பச் சூடு வைத்தான், திரும்ப உறிஞ்சினான், திரும்ப இழுத்தான். அவர் தொண்டையிலிருந்து ‘ம்ம்... ம்ம்’ என்று சத்தம் வந்தது.

“இருங்க, இந்தா முடிஞ்சிடும். அப்புறம் திருப்பிப் படுக்க வைக்கிறேன்,” என்றேன்.

சத்தம் நிற்கவில்லை. எச்சில் துடைத்துவிட்டேன். ஃபேனைக் கூட்டினேன். ஒண்ணுக்கா என்று கேட்டேன், ரெண்டு சிமிட்டு. வலிக்குதா என்றேன், ரெண்டு சிமிட்டு. வேற என்னதான் வேணும் உங்களுக்கு என்று எரிந்து விழுந்தேன். அதற்குள் அவன் மறுபடியும் சூடு வைத்து, ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து நெம்பினான். ‘சட்’டென்று சுவிட்ச் கையோடு வந்தது. கூடவே துளையைச் சுற்றியிருந்த செம்பு வளையமும் காலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

அவன் முகம் செத்துப்போனது. போர்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். “அடச்சே. அக்கா, இதுக்குள்ள சின்ன லைட்டு ஒண்ணு இருந்திருக்கு, அணைச்சு வச்சிருந்ததால தெரியல. அதோட ரெண்டு காலுக்கும் தனியா ஈயம் வச்சிருக்கான். அதான் புடிச்சுக்கிட்டு வரல. நான் தெரியாம இந்தக் காலையே சுட்டுச் சுட்டு வளையம் தளந்துடுச்சு. இனி இந்தக் கால்ல கனெக்‌ஷன் இல்ல.”

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். “இதத்தான் சொன்னீங்களா?”

ஒரு சிமிட்டு.

அந்த அறையில் அந்தக் கீபோர்டைப் பற்றித் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். அவரிடம் ஒண்ணுக்கா என்று கேட்டேன். லைட்டா என்று கேட்க எனக்கு எப்படித் தோன்றும்?

அதற்கப்புறம் அவன் ஒவ்வொன்றையும் அவரிடம் காட்டிக் கேட்டுச் செய்தான். ‘பாஸ்’ சுவிட்சில் நாலு கால் ஈயத்தையும் எடுத்தான், பூப்போல வந்தது. அதை ‘ஏ’ இடத்தில் அமுக்கி ஈயம் வைத்தான். வளையம் போன காலிலிருந்து போர்டில் ஓடிய கோடு எந்தப் பட்டனுக்குப் போகிறது என்று பார்த்து, மீட்டரை வைத்தான். பக்கத்து ‘க்யூ’ பட்டனின் காலில் கீச்சென்றது. “இதுலயா மாமா?” ஒரு சிமிட்டு. முடி மாதிரி ஒரு ஒயரை அந்தக் காலுக்கும் இந்தக் காலுக்கும் இழுத்துப் பற்றவைத்தான். மூடி, ஸ்குரூ போட்டு, கம்ப்யூட்டரில் சொருகினான்.

நான் தட்டினேன். ‘ஏ’ வந்தது. அவன் தட்டினான், வந்தது. காபி போடுகிறேன் என்றேன், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டான். வாசல்வரை போய்ச் சிரித்து வழியனுப்பிவிட்டு வந்து, கீபோர்டை அவர் மடியில் வைத்தேன். விரலைத் தூக்கி ‘ஏ’ மேல் வைத்தேன்.

“ம், அடிங்க. என்னைத் திட்டணும்னாலும் திட்டுங்க.”

ஒன்றும் வரவில்லை. ஒயர் விட்டுப்போச்சு என்று நான் தட்டிப் பார்த்தேன். வந்தது. மறுபடி அவர் விரலை வைத்தேன். அவர் நெற்றியில் நரம்பு புடைத்தது. விரல் அசையவில்லை. பக்கத்து ‘எஸ்’ மேல் வைத்தேன், ‘டி’ மேல் வைத்தேன், போன வாரம்வரை நன்றாக அடித்த பட்டன் எல்லாவற்றின் மேலும் வைத்துப் பார்த்தேன். வரவில்லை.

இப்படி ஒரு நாள் வரும் என்று திருச்சி டாக்டர் சொல்லியிருந்தார். சும்மா கிடந்த அந்த வாரத்தில் எந்த நாள் அது வந்தது என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும். அதை நான் கேட்கவில்லை.

“முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?”

ஒரு சிமிட்டு.

திரும்ப அவர் விரலை ‘ஏ’ மேல் வைத்து, அதன்மேல் என் விரலை வைத்து அழுத்தினேன். எழுத்து விழுந்தது. விரலை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. அந்த ஒரே எழுத்து திரையில் வரிவரியாக ஓடிக்கொண்டே இருந்தது.