வெங்காயத்தை மிதிக்காமல் அளந்த நிலம்

கல்பிட்டியில் தோணிக்காரர் நங்கூரச் சங்கிலியை இழுத்துப் போடும்போது எழும் அந்தக் கலகல ஓசை, எனக்குக் கடலை நினைவூட்டுவதில்லை. எத்தாளையில் ஒரு ஏக்கர் மணலையும், அதன் நடுவில் இடுப்பில் கை வைத்து நின்ற என் மூத்த சகோதரி, ராத்தாவையும்தான் நினைவூட்டுகிறது.

அந்த நிலத்தை வாப்பா உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகள் எங்கள் இருவருக்கும் பிரித்துக் கொடுத்தார். "ரெண்டு பேருக்கும் சமன்" என்றார். பாதையோரம் நூற்றிருபது மீற்றர் நேராக ஓடும் ஒரு பக்கம். அதன் சரிபாதியில், பாதைக்கு நேர்க்குறுக்காகக் கம்பிவேலி போட்டார். எதிர்ப் பக்கத்தில் களப்பு என்னும் உப்பங்கழியின் தண்ணீரைத் தடுக்கும் மண் வரம்பு, களப்பு போன போக்கிலெல்லாம் வளைந்து கிடந்தது. வடக்குப் பாதி ராத்தாவுக்கு, அதில் வெங்காயம்; தெற்குப் பாதி எனக்கு, அதில் கச்சான், அதாவது நிலக்கடலை.

ஐந்து வருடமாக ராத்தா ஒரே கதை. "என்ட பக்கம் குறைய."

"எப்பிடிக் குறையும்? ரெண்டும் அறுபது மீற்றர்."

"உனக்கு மீற்றர். எனக்கு மோட்டர். என்ட பக்கம் தண்ணி பாய ரெண்டு மணித்தியாலம். அதே மோட்டர், அதே மணல், உன்ட கச்சானுக்கு ரெண்டரை."

நான் சிரித்துவிடுவேன். எழுதுகிறவனுக்கு இருக்கும் கெட்ட பழக்கம் அது. நல்ல வாக்கியம் ஒன்று காதில் விழுந்தால் ரசித்துவிட்டு, அதன் பொருளைக் கவனிக்காமல் போய்விடுவேன்.

கடைசியில் காணி உறுதிப் பத்திரம் எழுதுவதென்று முடிவானது. எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டால் வேலி அங்கேயே நின்றுவிடும், பிள்ளைகள் காலத்துக்கும். அதற்கு முன் ஒரு தடவை நாமே அளந்து பார்ப்போம் என்றேன். சமன் என்று வந்தால் ராத்தா மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைக்க வேண்டும். "ஓம், வைக்கிறன்" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பாலாவியில் இருக்கும் நண்பன் ஒருவன் நில அளவையாளன். தன்னுடைய கருவி வேறொரு காணியில் நிற்கிறதென்று, இருபது மீற்றர் இரும்புச் சங்கிலியையும் ஐம்பது மீற்றர் நாடாவையும் கொடுத்தான். "பாதையோரம் சங்கிலியைப் போடு. அதுதான் அடிக்கோடு. ஒவ்வொரு இருபதிலும் வரம்பு மட்டும் குறுக்களவு எடு. பக்கத்துப் பக்கத்து ரெண்டு அளவையும் கூட்டி, பாதியாக்கி, இருபதால பெருக்கு. ஒவ்வொரு துண்டும் ஒரு சரிவகம். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நானும் வாறன்."

விடிந்ததும் வீசினேன் சங்கிலியை. மணலில் அது பாம்புபோல் நெளிந்து நிமிர்ந்தது. எனக்குள் ஏதோ பாடத் தொடங்கியது. ராத்தா நாடாவின் நுனியோடு வரம்பை நோக்கி நடந்தாள். அவள் பக்கத்தில் வெங்காயம் ஒரு சாண் உயரம். தாள்கள் பனியில் மின்னின.

"மிதிச்சிடாத! வாய்க்கால்ல நட. வாய்க்கால்ல!"

வாய்க்காலில்தான் நடந்தோம், நாடாவும் எங்களோடு. ஒரு வெங்காயமும் சாயவில்லை. என் பக்கத்தில் கச்சான் பிடுங்கிய வெறும் மணல். நேராகப் போய் நேராக வந்தோம்.

நண்பகலுக்குள் கணக்கு முடிந்தது. ராத்தாவின் பக்கம் 35, 32, 40, வேலியில் 36. மூன்று சரிவகங்கள்: 670, 720, 760. மொத்தம் 2150 சதுர மீற்றர். என் பக்கம் வேலியின் அதே 36, பிறகு 38, 40, 32. மொத்தம் 2240.

"பாத்தியா, தொண்ணூறுதான் வித்தியாசம். ஏக்கருக்கு நூற்றறுபது பேர்ச், அதுல மூன்றரை. அந்தத் தென்னை நிக்கிற இடம் அவ்வளவுதான்."

ராத்தா கடதாசியைப் பார்க்கவில்லை. கிணற்றடியில் மோட்டரைப் பார்த்தாள். "சரி. அது பொய் சொல்லுது போல" என்று மட்டும் சொல்லிவிட்டு, தேத்தண்ணி வைக்கப் போனாள். வென்றவன் நான். தேத்தண்ணிதான் இனிக்கவில்லை.

நண்பன் வந்தான். பிளேன்டீயை ஊதிக்கொண்டே என் கடதாசியிலிருந்த அளவுகளை வைத்துச் சின்னப் படமொன்று கீறினான். கீறியதும் எழுந்து நின்று வரம்பைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான்.

"மச்சான், நாப்பதாவது மீற்றர்ல களப்பு உள்ள வந்து வரம்பக் கடிச்சு வச்சிருக்கு. கண்ணால தெரியுது. உன்ட கணக்குல அங்கதான் காணி வயிறு தள்ளி நிக்குது. எப்பிடி?"

நான் கடதாசியைத் திருப்பி அளவுகளை மறுபடி படித்தேன்.

"எங்கால நாடாவப் புடிச்ச?"

"வாய்க்கால் வழியா."

அவன் சிரித்தான். "வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுது?"

அப்போதுதான் பார்த்தேன். மேட்டு மூலையிலிருக்கும் கிணற்றுத் தண்ணீர் இறங்கிப் போவதற்காக, ராத்தா தன் வாய்க்கால்களையெல்லாம் பாதைக்குச் சாய்வாக, தெற்கே சரித்து வெட்டியிருந்தாள். நாடாவும் அதே சாய்வில் போயிருக்கிறது. இருபதில் தொடங்கியது இருபதுக்கு நேரே முடியவில்லை; எங்கோ தெற்கே தள்ளி வரம்பைத் தொட்டிருக்கிறது. வெங்காயத்தைக் காப்பாற்றிய ராத்தாவின் கவனமே அவளுடைய நிலம் குறைவதை மூடி வைத்திருந்தது.

"அப்ப மிதிக்கணுமா?" ராத்தாவின் குரலில் நிலத்தைவிட வெங்காயத்தின் கவலை.

"ஒரு தாளும் மிதிக்கத் தேவயில்ல" என்றான் நண்பன். வரம்பைச் சுற்றிக்கொண்டு போய் நாடாவின் நுனியை ஒரு குச்சியில் பிடித்தான். மறுமுனையோடு என்னைச் சங்கிலியோரம் நிறுத்தினான். நாடா வெங்காயத்துக்கு மேலே, முழங்கால் உயரத்தில், விறைப்பாக நின்றது. "இப்ப மெதுவா இடம் வலமா ஆட்டு. சங்கிலிக்கு மேல எந்த எடத்துல ஆகக் குறைஞ்ச அளவு வருதோ, அதான் நேர்க்குறுக்கு. அது இருபதுக்கு நேர வரும் மட்டும் நான் குச்சிய நகத்துறன்."

ஆட்டினேன். இலக்கங்கள் சங்கிலிக்கு மேல் இறங்கின, ஒரு புள்ளியில் தயங்கின, மறுபடி ஏறின. அந்தத் தயக்கம் இன்றும் என் விரல்களில் இருக்கிறது. மூச்சு வாங்கும் ஒரு கவிதை வரி, தான் எங்கே முறிய வேண்டுமென்று கண்டுகொள்வது போல.

28. 31. நாற்பதாவது மீற்றரில் வெறும் 27. வேலியோரம் நாங்கள் வேலியையே பிடித்துப் போனதால் அந்த 36 மாறவில்லை.

ராத்தாவின் மூன்று சரிவகங்களும் 590, 580, 630 ஆகின. மொத்தம் 1800. என்னுடையது 2240. பதினேழு பேர்ச்சுக்கு மேல் வித்தியாசம். நண்பன் இரண்டையும் கூட்டினான்: 4040. ஒரு ஏக்கருக்கு ஏழு சதுர மீற்றர்தான் குறைவு. வாப்பா நிலத்தை ஏக்கர் என்று சொன்னது சரி. நீளத்தைப் பாதியாக்கினால் நிலமும் பாதியாகும் என்று நினைத்ததுதான் பிழை.

நானே சொன்னேன்: "ரெண்டு மணித்தியாலம், ரெண்டரை மணித்தியாலம். அப்பிடிப் பாத்தா 1800க்கு 2250 வரணும், வந்தது 2240. உன்ட மோட்டர் கிட்டத்தட்ட சரியாத்தான் அளந்திருக்கு ராத்தா."

"அஞ்சு வருஷமா அதத்தான் கத்துறன். கடதாசில எழுதினாத்தான் உனக்குக் காது கேக்கும்."

ஆளுக்கு 2020 வர வேண்டும். அவளுக்கு இன்னும் 220. வேலியடியில் அகலம் 36, தெற்கே போகப் போகக் கொஞ்சம் கூடும். நண்பன் கணக்குப் பார்த்தான்: வேலியை ஆறு மீற்றரும் ஆறு சென்ரிமீற்றரும் என் பக்கம் நகர்த்த வேண்டும்.

"ஆறு சென்ரிமீற்றர விடுங்க" என்றாள் ராத்தா. "தம்பிக்கு அன்பளிப்பு."

"வேணாம்" என்றேன். "அதுவும் சேத்து எடு."

கம்பியை அவிழ்த்தோம். மூன்று பேருமாய்க் கட்டைகளைப் பிடுங்கிப் புது வரியில் நட்டோம். களப்புப் பக்கமிருந்து உப்புக்காற்று வந்து வெங்காய வாசனையை அள்ளிக்கொண்டு போனது. இழந்தது போலவே இல்லை. எதையோ சரியான இடத்தில் வைத்துவிட்ட மாதிரி உள்ளங்கை கனமாக இருந்தது. அடுத்த கிழமை அந்த வரியை வைத்தே உறுதி எழுதுவதென்று பேசிக்கொண்டோம்.

நண்பன் சங்கிலியைக் கலகலவென்று மடித்து மோட்டார் சைக்கிளில் கட்டிவிட்டு, பாதையில் காத்திருந்தான். நான் ராத்தாவுக்கு ஸலாம் சொல்லிவிட்டு, பழக்கத்தில், பழைய வேலியிருந்த இடத்தால் குறுக்கே இறங்கினேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பி, சுத்திப் போ. அது இப்ப என்ட நிலம்."