ஊதாவாகிப்போன நீலம்

திண்டுக்கல்லில் ஒரு அச்சகத்தில் நான் டிசைனராக இருந்தேன். மாதா கோயில் திருவிழா போஸ்டருக்கு மாதாவின் முக்காட்டைப் பளீரென்ற நீலத்தில் செய்திருந்தேன். அச்சாகி வந்ததோ மங்கலான ஊதா.

"தவக்காலத்துக்கா அடிச்சீங்க? அதுக்குத்தான ஊதா," என்றார், கோயில் கமிட்டியிலிருந்து வந்தவர்.

"மெஷின்ல மை கூடிப்போச்சுங்க," என்றேன் சட்டென்று. மெஷின் ஓட்டுபவர் என் வயதுக்காரர்தான். பக்கத்திலேயே நின்று, கையில் ஒட்டிய மையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கமிட்டிக்காரர் டீ குடிக்கப் போனதும் மெஷின்காரர் என் கம்ப்யூட்டர் அருகே வந்தார். "ஃபைல் எந்தக் கலர் மோடுல இருக்குன்னு பாருங்க."

திரைக்கான ஆர்ஜிபி முறையில் இருந்தது. திரையின் ஒளியில் தெரியும் அந்த நீலத்தை அச்சின் நான்கு மையால் கொண்டுவர முடியாது. நான் மாற்றாமல் அனுப்பியதால், அச்சுத் தகட்டுக்கு பிலிம் எடுக்கும் இடத்தில் அதுவாக அந்த நான்கு மைக்கான சிஎம்ஒய்கே ஆகியிருக்கிறது. சயான் என்ற நீல மையோடு மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு மையும் ஏறி ஊதாவாகிவிட்டது.

நானே சிஎம்ஒய்கேவுக்கு மாற்றினேன். திரையிலேயே நீலம் செத்துப்போனது. சயானை முழுதாக வைத்து, மெஜந்தாவைப் பாதிக்கும் கீழே இறக்கி, கறுப்பை எடுத்தேன். பழைய பளபளப்பு இல்லாவிட்டாலும் சுத்தமான நீலம். புது பிலிம் எடுத்து, புரூஃப் பார்த்து, மறுபடி அச்சடித்தோம்.

வாங்க வந்த கமிட்டிக்காரர் மெஷின்காரரிடம், "இனிமேலாச்சும் மையைப் பாத்து விடுங்க அப்பு," என்றார்.

"சரிங்க," என்றார் அவர்.

தப்பு என்னுடையது என்று வாய் வரை வந்தது. குனிந்து போஸ்டர்களைக் கட்டிக்கொண்டிருந்தேன்.