முப்பத்துமூன்று அங்குல வாசல்

முப்பத்துமூன்று அங்குலம். நிலையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை, வெளிப்பக்கமாக அளந்தால் அவ்வளவுதான். என் வயதைக் கேட்டால்கூட ஒரு நொடி கணக்குப் போடுவேன். இந்த அளவுக்கு யோசிக்கவே வேண்டாம்.

அது என் மாமியார் வீட்டு முன்வாசல். கேரளத்தில் குளத்தூர் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லைக்கு நடந்தே போய்விடக்கூடிய ஓர் ஊர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது. கல்யாணமாகி நாற்பதாவது நாள் கணவர் மஸ்கட்டுக்குப் போய்விட்டார். வீட்டில் நானும் மாமியும். என் அம்மா வீடு களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், பஸ்ஸில் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தைக் கடக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. அதுவும் ஒரு சாவுக்கு.

மாமி கொடுமைக்காரி இல்லை. அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். திட்டினால் திருப்பிச் சண்டை போடலாம், அடித்தால் நாலு பேரிடம் சொல்லலாம். அவர் மீன் தலையை எனக்கு வைத்துவிட்டு வாலைத் தின்பார். தலைவலி என்றால் சுக்கு அரைத்துப் பற்றுப் போடுவார். படியிறங்கினால் மட்டும், "எங்க மக்கா?" என்று பின்னாலேயே வருவார். கடைக்கு, கோயிலுக்கு, ஆசுபத்திரிக்கு, எல்லாவற்றுக்கும் கூடவே. கணவருக்கு எழுதினேன். பதில் ஒரு மாதம் கழித்து வந்தது. அம்மைக்க மனசு நோகாம பாத்துக்க, என்று இருந்தது. அந்தக் கடிதத்தை நான் இரண்டாம் முறை படிக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்பே நான் தையல் பரீட்சை பாஸ் செய்தவள். சீதனச் சாமான்களோடு வந்த காலால் மிதிக்கும் மெஷின், முன்வாசலை ஒட்டிய ஜன்னலடியில் கிடந்தது. ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். அப்படித்தான் பாறசாலையில் பெண்களுக்கான தையல் சென்டர் நடத்திய டீச்சரின் காதுக்கு என் பெயர் போயிருக்கிறது. ஒரு நாள் காலையில் குடையும் துணிப்பையுமாக வந்து நின்றார்.

கோவளத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சாமான் விற்கும் ஒரு கடைக்குத் துணித் தோரணம் வேண்டுமாம். வாசல் நிலைக்கு மேலே ஆணியில் மாட்டுவது. நீளமாக ஒரு பட்டை, அதன் கீழே வரிசையாகக் கூர் நுனி வைத்த தொங்கல்கள், மேலே மாட்ட லூப்புகள். எங்கள் பக்கத்தில் தோரணம் என்றால் குருத்தோலைதான். விசேஷம் முடிந்து வாடியதும் பிடுங்கி எறிந்துவிடுவோம். துணியில் தைத்து வருஷம் முழுக்கத் தொங்கவிடுவதை, டீச்சர் பத்திரிகையிலிருந்து வெட்டிக் கொண்டுவந்த படத்தில்தான் நான் முதலில் பார்த்தேன். டீச்சர் படத்தையும் நாலு நிறத் துணியையும் கொடுத்தார்.

"மோளே, சாம்பிள் நாலு தைச்சு கொண்டு வா. கடைக்காரருக்குப் பிடிச்சா நீ தினம் சென்டருக்கு வரணும். எட்டு பெண்ணுங்க உண்டு, அவங்களுக்கு நீதான் சொல்லிக் குடுக்கணும்" என்றார்.

"அளவு டீச்சர்?"

"வாசலுக்க அளவுதான். சாதாரண வாசல்."

தினம். அந்த ஒரு சொல்தான் எனக்குக் கேட்டது. தினமும் காலையில் சீவி, பூ வைத்து, கையில் பையோடு, தனியாக, பஸ். நான் மாமியின் முகத்தைப் பார்த்தேன்.

"ஒற்றைக்கா?" என்றார் மாமி. டீச்சருக்கு முன்னால் மறுத்துச் சொல்லக் கூச்சமோ என்னவோ, "முதல்ல சாம்பிள் சரியாவட்டு. சரியானா போவட்டு" என்றார்.

டீச்சர் சாட்சி. அந்தப் பேச்சை நான் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மறுநாள் இஞ்ச் டேப்போடு நிலையடியில் நின்றேன். மாமி ஸ்டூல் கொண்டுவந்து போட்டு, டேப்பின் மறுமுனையைப் பிடித்தார். "நம்ம வாசலுக்க அளவ எடுத்துக்க" என்று அவரே சொன்னார். முப்பத்துமூன்று. நேரம் மிச்சம் என்று நாலு நிறத் துணியையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தையலுக்கு இரு பக்கமும் அரை அரை அங்குலம் விட்டு, ஒரே வெட்டாக வெட்டினேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். வெட்டுமுன் இரண்டு முறை அள என்று தையல் வகுப்பில் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருந்தார்கள். நானும் இரண்டு முறை அளந்தேன். ஒரே வாசலை.

தொங்கல்கள்தான் வேலை வாங்கின. தோரணத்துக்கு ஏழு. ஒவ்வொன்றுக்கும் முகத்துணியும் உள்துணியும் நல்ல பக்கம் உள்ளே பார்க்க வைத்து, மேல் விளிம்பைத் திறந்தே விட்டு, மற்ற ஓரங்களைத் தைக்க வேண்டும். நுனியில் மிச்சத் துணியைக் கத்தரித்துவிட்டுப் புரட்டினால்தான் கூர் வரும். இல்லையென்றால் மொட்டையாக நிற்கும். நுனியைத் தள்ளப் பார்த்ததில் தென்னை ஈர்க்குச்சி ஒடிந்தது. பழைய குடைக்கம்பியின் மழுங்கிய முனை சரியாக வந்தது. ஒவ்வொரு தொங்கலின் நடுவிலும் ஒரு மாவிலை வெட்டி ஒட்டுத்தையல் போட்டிருந்தேன். பட்டையில் வைரக்கட்டம்.

பட்டையில் இணைக்கும்போது முதல் தோரணம் என்னைக் கேலி செய்தது. தொங்கல்களைக் கீழ்நோக்கி வைத்துத் தைத்துப் புரட்டினால், அத்தனையும் பட்டைக்குள் போய் ஒளிந்துகொண்டன. பிரித்தேன். பட்டையின் கீழ் ஓரத்தில் தொங்கல்களைத் தலைகீழாக, நுனி மேலே பார்க்க அடுக்கி, மேலே உள்துணியை வைத்துத் தைத்து விரித்தால் ஏழும் ஒழுங்காகக் கீழே இறங்குகின்றன. அதன்பிறகு மேல் ஓரத்தை உள்ளே மடித்து, இரட்டையாக மடித்த நாடாவை லூப்பாகச் செருகி, மேலே ஒரு தையல். பாரம் முழுவதும் லூப்பில் என்பதால் அந்த இடங்களில் மட்டும் மூன்று முறை முன்னும் பின்னும் ஓட்டினேன். நாலு லூப்பு. ஓரத்து லூப்பு விளிம்பிலேயே இருக்க வேண்டும், உள்ளே தள்ளினால் மூலை தொங்கிப்போகும்.

பத்து நாள். மாமி நூல் கோத்துக் கொடுத்தார், இஸ்திரிப் பெட்டிக்குக் கரி ஊதினார். சிவப்புத் தோரணம் முடிந்தபோது இரு கையிலும் ஏந்திப் பார்த்து, "ராசாத்தி வேலையாக்கும்" என்றார். எனக்கு அழுகை வந்தது. இவரை விட்டு ஓடப்போகிறேனே என்ற குற்றவுணர்ச்சியும், எப்போது ஓடுவோம் என்ற பரபரப்பும் சேர்ந்தே வந்தன.

சென்டருக்கு மாமியோடுதான் போனேன். கடைசி முறை, என்று பஸ்ஸில் எனக்குள் சொல்லிக்கொண்டேன். கோவளத்துக் கடைக்காரர் ஏற்கெனவே வந்திருந்தார். எட்டுப் பெண்களும் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். டீச்சர் ஸ்டூலில் ஏறி, சென்டர் வாசலின் இடது மூலை ஆணியில் முதல் லூப்பை மாட்டினார். இழுத்தார். வலது மூலை ஆணிக்குத் தோரணம் போய்ச் சேரவில்லை. பதினோரு அங்குலம் குறைந்தது. பச்சையை எடுத்தார், மஞ்சளை எடுத்தார், நீலத்தை எடுத்தார். எல்லாம் ஒரே வெட்டில் வெட்டியவையாயிற்றே.

"ஜன்னலுக்கு உள்ளதோ?" என்று கடைக்காரர் மலையாளத்தில் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே சந்தேகம்.

"எந்த வாசல மோளே அளந்த?" என்றார் டீச்சர்.

"எங்க வீட்டு வாசல்."

"வேற ஒரு வாசலும் பாத்ததில்லியா?"

பாவம், அவர் கோபமாகவும் கேட்கவில்லை. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அந்த வீடு கட்டிய காலத்தில் வாசல் அப்படித்தான் வைப்பார்கள், குனிந்து ஒருவர் பின் ஒருவராக நுழைவதற்கு. புது வீடுகளில் எல்லாம் அகல வாசல். அடுத்த வீட்டுக்கு ஒரு எட்டுப் போய் டேப்பைப் பிடித்திருந்தால் தெரிந்திருக்கும். ஒரு எட்டு. அதற்கும் மாமியின் அனுமதி வேண்டும் என்பதால், போக வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்றும் மாமியைவிட என் மீதுதான் ஆத்திரம் வருகிறது.

"ரெண்டு நாள் இங்க வந்து இருந்து மாத்தித் தைக்கட்டும்" என்று டீச்சர் கேட்டுப் பார்த்தார்.

"சாம்பிள் சரியாவட்டு, போவட்டுன்னுதானே நான் சொன்னது?" என்றார் மாமி. "சரியாவல்லியே." குரலில் வெற்றி எதுவும் இல்லை. கொடுத்த வாக்கை அப்படியே காப்பாற்றினார்.

சொல்லிக் கொடுக்கும் வேலை திருப்புறத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் போனது.

வீட்டுக்கு வந்ததும் மாமி நாலு ஆணி அடித்து, சிவப்புத் தோரணத்தை எங்கள் வாசலில் மாட்டினார். நாலு லூப்பும் நாலு ஆணியில் கச்சிதமாக உட்கார்ந்தன. ஏழு நுனியும் ஒரே மட்டம். உலகத்திலேயே அந்த ஒரு வாசலுக்குத்தான் அது பொருந்தும். வாசல் தாழ்வு என்பதால் போக வர என் உச்சந்தலையில் ஒரு தொங்கல் தொட்டுக்கொண்டே இருந்தது.

பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள், எங்களுக்கும் ஒன்று தைத்துத் தா என்று. நான் இஞ்ச் டேப்பைக் கையில் எடுத்துவிட்டேன். அளவெடுக்க வீடு வீடாகப் போக வேண்டுமே.

"அளவு வேணுமே மாமி. போய் எடுத்துட்டு வாறேன்" என்றேன், முடிந்தவரை சாதாரணமாக.

"நீ எதுக்கு வெயில்ல அலையணும்? கயிறு பிடிச்சு அளந்து கொண்டு வரச் சொல்லுவோம்."

கயிறுகள் வந்தன. வாசல் அகலத்துக்கு வெட்டிய கயிறு, யார் வீடு என்று அடையாளத்துக்கு முனையில் ஒரு துணிக் கிழிசல். சிறுபிள்ளைகளிடம்கூடக் கொடுத்துவிட்டார்கள். மெஷினுக்கு மேலே ஜன்னல் கம்பியில் கட்டிக் கட்டி வைத்தேன். முப்பத்தெட்டு, நாற்பது, நாற்பத்திரண்டு. எந்த வீட்டு வாசல் எவ்வளவு அகலம் என்று என்னை எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அவற்றில் ஒன்றின் உள்ளேயும் நான் போனதில்லை.

அந்தக் கம்பியில் ஒரு கயிறு மட்டும் யாரும் கொண்டு வந்ததில்லை. அன்று சென்டரில் எல்லாரும் மாமியோடு பேசிக்கொண்டிருந்தபோது, சென்டர் வாசலை நான் சாண் போட்டு அளந்துவிட்டேன். அந்த அளவுக்குக் கயிறு வெட்டி, அதை வைத்து ஒன்பது தொங்கலோடு, ஐந்து லூப்போடு, மயில்கழுத்து நீலத்தில் ஒரு தோரணம் தைத்தேன். கூப்பிட்டால் கையோடு எடுத்துப் போகலாம் என்று. டீச்சர் அடுத்த வருஷம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். மாமி போய்ப் பல வருஷமாகிறது. இப்போது, எங்கே போகிறாய் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. படியிறங்கும்போது மட்டும், யாரோ கேட்பார்கள் என்று இன்னும் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் இறங்குகிறேன். நீலத் தோரணம் பெட்டியின் அடியில் இருக்கிறது. ஐந்து லூப்பும் தைத்த அன்று இருந்தது போலவே விறைப்பாக இருக்கின்றன.