கிறேஸ் திருப்பி எழுதிய பில்

கிறேஸ் தன் புருசனைக் குறைத்துப் போட்டாள் என்று அடுத்த வீட்டுச் சூசையம்மா இன்னமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். குறைத்தது நாற்பது ரூபா. அதற்குமேல் ஒரு சதமும் இல்லை. அன்றைக்கு வீட்டுக்குள் இருந்தவள் நான். சூசையம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவள். வேலிக்கு அந்தப் பக்கம் சத்தம்தான் கேட்கும், விசயம் கேட்காது.

கிறேஸ் என் மருமகள். என் மகன் பத்திநாதன் கரம்பொன்னில் வள்ளம் கட்டுகிற ஓடாவி. அவனுக்குக் கை ஓடுகிற மாதிரி வாய் ஓடாது, பேனை அதைவிட ஓடாது. வேலை முடிந்தால் கிறேஸ் பில் எழுதுவாள். அவன் சொல்லுவான், இவள் சொன்னபடி எழுதுவாள். அப்படித்தான் அந்தப் பிழையும் வந்தது.

வேலணை விநாயகமூர்த்தி நயினாதீவுக்கு ஆட்களை ஏற்றி மோட்டார் லோஞ்சு ஓட்டுகிறவர். ஆனித் திருவிழாவுக்கு முன் மூன்று அடிப்பலகை மாற்றி, இடுக்குக்குப் பஞ்சடைத்துத் தர வேண்டும் என்று அறுநூறு ரூபாவுக்குப் பேசிவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார். பத்திநாதன் பழைய பலகையைக் கழற்றினால், உள்ளே நாலு வங்கு உக்கிப் போய்க் கிடந்தது. வங்கு என்றால் வள்ளத்தின் விலா எலும்பு மாதிரி வளைந்த மரம். அதில்தான் பலகையை அறைவது. உக்கின வங்கில் ஆணி நிற்காது. கேட்க ஆள் இல்லை, திருவிழாவோ கிட்ட வந்துவிட்டது. ஊர்காவற்றுறைத் தியாகலிங்கத்தின் மரக்காலையில் கடனுக்குப் பூவரச மரம் எடுத்து நாலையும் புதிதாகப் போட்டான்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் ஓடாவிமாருக்கு ஒரு பழக்கம். கழற்றின உக்கல் மரத்தை, இடுக்குக்குப் பூசக் குங்கிலியம் காய்ச்சுகிற அடுப்பில் வைத்து எரித்துவிடுவார்கள். வெளிவிறகு தேவைப்படாது. பத்திநாதனும் எரித்தான். லோஞ்சு தண்ணீரில் இறங்கும்போது அந்த நாலு வங்கும் சாம்பல்.

பேசினதுக்கு மேலாகச் செய்ததுக்கு, பில்லில் அவன் சொல்லி இவள் எழுதியது ஒரு வரி: ‘மேல் வேலை, நானூற்றிப்பத்து ரூபா.’

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து இருக்கிறோம், விநாயகமூர்த்தி அந்தத் தாளோடு படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

“என்ன பத்திநாதர், நீர் என்ரை லோஞ்சுக்கு மேல்வீடு கட்டினனீரோ?”

“வங்கு உக்கிப் போச்சு முதலாளி.”

“எங்கை, அந்த உக்கின வங்கைக் காட்டும் பாப்பம்.”

“எரிச்சுப் போட்டன்.”

“நல்லாயிருக்கு. மரத்தையும் எரிச்சு, என்ரை காசையும் எரிக்கப் பாக்கிறீர். அறுநூறு பேசினது, அறுநூறு தந்தாச்சு. மற்றது ஏலாது.”

கதிரையில்கூட இருக்கவில்லை, போய்விட்டார்.

அவர் போன கையோடு நாங்கள் நாள் எண்ணத் தொடங்கினோம். தியாகலிங்கம் சனிக்கிழமை வரைக்கும்தான் தவணை தந்திருந்தார். கடற்கரைக் கொட்டிலில் பத்திநாதன் தனக்கென்று ஒரு வள்ளம் பாதி கட்டி வைத்திருந்தான். மரக்காசு வராவிட்டால் அதை ஏற்றிக்கொண்டு போவேன் என்று அவர் சொல்லிவிட்டார். அந்த வள்ளம் போனால் பிறகு என் மகன் கூலிக்குத்தான் உளி பிடிக்க வேண்டும். அவன் சோறு தின்னவில்லை. நான் செபமாலையை உருட்டினேன், எண்ணிக்கை பிசகிப் பிசகிப் போனது.

கிறேஸ் ஒரு புதுத் தாளை எடுத்தாள். முதலில் நான் சொன்னபடிதான் எழுதினாள். பிள்ளைகள் சின்னன், மரக்காரர் நெருக்குகிறார், வள்ளம் போகப் போகிறது என்று. வாசித்துக் காட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, நல்ல பில் என்று சொன்னேன். அவள் அதை மடித்து அடுப்படியில் போட்டாள்.

“மாமி, எங்கடை கஸ்ரத்தை வாசிச்சு அவருக்கு என்ன? அவரின்ரை லோஞ்சுக்கு என்ன நடந்ததெண்டு அவருக்குத் தெரியேல்லை. அதைத்தான் எழுதோணும்.”

எனக்கு இன்றைக்கும் அதில் முழுச் சம்மதம் இல்லை. ஒரு வரியாவது போட்டிருக்கலாம்.

பிறகு அவள் பத்திநாதனை முன்னால் இருத்தி ஒவ்வொன்றாகக் கேட்டாள், பொலிசுக்காரர் கேட்கிற மாதிரி. பேசின வேலை எது, பேசாத வேலை எது? யார் சொல்லிச் செய்தது? செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? மரத்துக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு?

“வங்குக்கு மரம் நூற்றியறுபது, கூலி நூற்றியிருபது,” என்றான். “ஆக்கள் இருக்க ரெண்டு வாங்கில் அடிச்சதுக்குத் தொண்ணூறு. அது அவர் கொழும்புக்குப் போக முதல் கொட்டிலிலை நிண்டு தானே கேட்டவர். மறந்து போனார்.”

“நானூற்றிப்பத்துக்கு இன்னும் நாற்பது இருக்கு. அது என்ன?”

அவன் எழும்பப் பார்த்தான்.

“இஞ்சேருங்கோ, அது என்ன எண்டு கேட்டனான்.”

“ஒரு பலகையைக் கட்டையா அறுத்துப் போட்டன். வேறை வாங்கினது.”

“அது உங்கடை பிழையெல்லோ. அதை அவரிட்டை எப்பிடிக் கேக்கிறது?”

“ஆர் கண்டது? நீர் ஆரின்ரை பக்கம்?”

“அந்த நாற்பதை அவர் கண்டுபிடிச்சாரெண்டால் வங்கையும் நம்பமாட்டார்.”

சத்தம் இங்கேதான் கொஞ்சம் ஏறியது. சூசையம்மா கேட்டது இதைத்தான். அவன் எழும்பிக் கொட்டிலுக்குப் போய்விட்டான். கிறேஸ் ஆனாலும் நாற்பதை விட்டுத்தான் எழுதினாள். முடித்து எனக்கு வாசித்தது இப்படி:

‘பேசின வேலை: மூன்று பலகையும் பஞ்சடைப்பும், அறுநூறு ரூபா. அதைத் தந்துவிட்டீர்கள், அதில் மாற்றமில்லை. விலை பேசாமல் செய்தது இரண்டு. ஒன்று, நாலு வங்கு. பலகையைக் கழற்றும்வரை அவை உக்கியது வெளியே தெரியாது. அவற்றில் புதுப்பலகையை அறைந்தால் ஆணி பிடிக்காது, ஆட்களை ஏற்ற முடியாது. நீங்கள் கொழும்பில் இருந்தபடியால் கேட்க முடியவில்லை. ஒரு தந்தியாவது அடித்திருக்க வேண்டும், அது எங்கள் குறை. பழைய மரம் எரிந்துவிட்டது. புது மரத்தை எஞ்சினுக்குப் பின்னால் தளப்பலகையைத் தூக்கிப் பார்க்கலாம். பக்கத்தில் இருக்கிற பழைய வங்கு கறுப்பு, புதியது வெளுப்பு. மரம் நூற்றியறுபது, கூலி நூற்றியிருபது. மற்றது, நீங்கள் கொட்டிலில் நின்று கேட்ட இரண்டு வாங்கில், தொண்ணூறு. மொத்தம் முந்நூற்றியெழுபது. முந்திய பில்லில் நாற்பது கூட. அது நாங்கள் பிழையாக அறுத்த பலகை, உங்களைச் சேராது.’

லோஞ்சின் எஞ்சின்காரன் சிவபாதம் எங்கள் ஒழுங்கையில்தான் இருக்கிறான். அவன் கையில் கொடுத்துவிட்டோம். அடுத்த நாள் ஒன்றும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நாற்பதை ஒத்துக்கொண்டதே அவருக்குப் பிடி கொடுத்த மாதிரி ஆகிவிட்டது, இனி முழுதும் பொய் என்பார் என்று பத்திநாதன் சொன்னான். கிறேஸ் கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை சிவபாதம் படலையடியில் வந்து நின்றான்.

“அக்கா, நேற்றுக் குறிகட்டுவான் துறையிலை லோஞ்சைக் கட்டிப்போட்டு, முதலாளி தானே தளப்பலகையைத் தூக்கினவர். குனிஞ்சு கனநேரம் பாத்தார். ஆணியையும் தட்டிப் பாத்தார்.”

“என்ன சொன்னவர்?”

“வங்குக் காசு தாறாராம். வாங்கில் கேட்டது ஞாபகம் இல்லையாம். எழுதின ஆள் வேலணைக்கு நேரை வந்து சொன்னால் அதையும் தாறாராம். இண்டைக்குப் பின்னேரம் திரும்பக் கொழும்புக்குப் போறார்.”

பத்திநாதன் சீவுளியைக் கீழே வைத்தான். தான் போனால் வாய் வராது என்று அவனுக்குத் தெரியும். கிறேசைப் பார்த்தான்.

“நீர் போம்,” என்றான். “வாங்கில் கேட்ட நேரம் அவர் கையிலை சுருட்டு வைச்சிருந்தவர், மழை தூறினது. அதைச் சொல்லும், ஞாபகம் வரும்.”

அவள் சேலையை மாற்றினாள், முந்திய பில்லுக்கும் புதியதுக்கும் தான் எழுதி வைத்திருந்த பிரதிகளை ஒன்றாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். நான் அவள் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டேன். பஸ் சத்தம் சந்தியில் கேட்டது. குடையை மறந்துவிட்டு, யாருடைய முகத்தையும் பார்க்காமல், கிறேஸ் வாசலைத் தாண்டி நடந்தாள்.