சாய்ந்த மச்சானும் சாயாத ஏணியும்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், சக்கரத்தைக் கண்டுபிடித்தான், அப்புறம் சித்தி ஏணிக் கம்பெனிக்கு முப்பது விநாடி விளம்பரம் எழுதினாள். முதல் இரண்டும் சுமார் ரகம். நெருப்பைக் கண்டுபிடித்தவனுக்குத் தலைக்கு மேல் ஒரு முதலாளி நின்று கத்திக்கொண்டிருக்கவில்லை.

சித்தியின் வேலையே தனி. ஏணி வாங்கியவர்கள் தாங்களாகவே போனில் எடுத்துப் போடும் கிளிப்புகளைத் தேடிப் பிடிப்பாள். எடுத்தவருக்கு எழுதிக் கேட்பாள்: இன்ன கிளிப், இன்ன இடத்தில் போடுவோம், இத்தனை மாதம், நடுவில் வெட்டலாமா என்று. அதில் தெரிகிற மற்றவர்களிடமும் தனியாகக் கேட்பாள். எல்லோரும் தலையாட்டிய பிறகுதான் துண்டுகளைக் கோத்து ஒரே கதையாக எழுதுவாள். முதலாளியோ, அடுத்தவன் வீட்டு வீடியோவைக் கெஞ்சி வாங்குகிற பிழைப்பு என்பார், அவள் காதுபடவே.

விளம்பரத்தைப் போட வேண்டிய ஏணிக் கண்காட்சி நெருங்கிய வாரம் அவருக்கு ஒரு கிளிப்பின் மேல் பைத்தியம் பிடித்தது. பெயிண்டர் ஒருவர் ஏணி உச்சியில் நின்றபடி போனைக் கீழ்நோக்கிப் பிடித்திருக்கிறார். கீழே ஏணியைப் பிடிக்க வேண்டிய அவர் மச்சான் சுவரில் சாய்ந்து, வாயைப் பிளந்து தூங்குகிறார். "ஏணி நேரா நிக்குது பாருங்க, என் மச்சான்தான் சாயுறான்" என்கிறார் பெயிண்டர்.

பெயிண்டர் அன்றைக்கே சரி என்று எழுதிவிட்டார். மச்சான் முடியாது என்றுவிட்டார். அந்தக் கிளிப் உறவுக்காரர்களின் போன்களில் எல்லாம் சுற்றி வந்ததிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

"மூஞ்சிய மறைச்சுட்டுப் போடு. இதுக்கு எதுக்கு இவ்வளவு பஞ்சாயத்து?" என்றார் முதலாளி.

"மறைச்சாலும் மச்சான்னு சொல்றது கேக்கும் சார். அவர் சரின்னு சொல்லாம நான் எழுத மாட்டேன். வேணும்னா வேலைய எடுத்துக்குங்க" என்றாள் சித்தி.

நாளை சாயங்காலத்துக்குள் எழுதி வரவில்லை என்றால் அந்த நாற்காலியில் தன் மருமகன் உட்காருவான் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மருமகனுக்கு எழுத வராது. உட்கார நன்றாக வரும்.

சித்தி நேராக மச்சானின் பஞ்சர் கடைக்குப் போனாள். அவர் டயரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டே இருந்தார், நிமிரவில்லை. உட்காரச் சொல்லவில்லை. ஏணிக் கம்பெனியையும், பெயிண்டரையும், போனைக் கண்டுபிடித்தவனையும் வரிசையாகத் திட்டினார். சித்தி நின்றபடியே கேட்டுக்கொண்டாள். கடைசியில், போடாமல் இருக்க வேண்டும் என்றால் போடமாட்டோம், அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றாள்.

அப்போதுதான் மனுஷன் நிமிர்ந்தார். கையைத் துடைத்துக்கொண்டு தன் போனை நீட்டினார். அதே நாள், அதே ஏணி, இந்த முறை கீழேயிருந்து. பெயிண்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏணியைக் கட்டிப் பிடித்து, இறக்கி விடுடா என்று கெஞ்சுகிறார்.

"ஏணி ஆடல, அவன் காலுதான் ஆடுது. இதையும் சேர்த்துப் போட்டா நான் தூங்குறதையும் போட்டுக்கோங்க. இல்லன்னா நடையக் கட்டுங்க."

சித்தி வாசலிலேயே நின்று எழுதினாள். முதலில் மேலிருந்து பெயிண்டரின் கேலி, உடனே கீழிருந்து மச்சானின் பதிலடி, பிறகு இன்னும் இரண்டு வாடிக்கையாளர்களின் துண்டுகள். முடிவில் ஏணி மட்டும், ஆள் இல்லாமல்.

ஆனால் பெயிண்டர் சரி என்றது தன் கிளிப்புக்கு மட்டும்தானே, தன் நடுக்கத்துக்கு இல்லை. சித்தி அவரைக் கூப்பிட்டு எழுதியதை வரி வரியாகப் படித்துக் காட்டினாள். அந்தப் பக்கம் ஒரே வசவு. பிறகு, "அவன் இன்னும் அதை அழிக்காம வெச்சிருக்கானா?" என்று கேட்டார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. போட்டுத் தொலைங்க, ஆனால் கடைசி வார்த்தை என்னுடையதாக இருக்கணும் என்றார். மச்சானும் அதையே கேட்டார். யாருக்கும் கடைசி வார்த்தை கிடையாது, கடைசியில் ஏணிதான் என்று இருவருக்கும் சொல்லி, இருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கினாள்.

மறுநாள் முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டே படித்தார். மூன்றாவது வரியில் சிரிப்பு வந்துவிட்டது, அதை இருமலாக மாற்றிக்கொண்டார். "எடிட்டர்கிட்ட குடு" என்றார். பாராட்டு அவ்வளவுதான். மருமகன் வேறு நாற்காலி தேடிப் போனான்.

இதை எழுதி முடித்த அக்கா மகன் சித்தியிடம் பெருமையாகக் காட்டினான். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தாள்.

"வேலைய எடுத்துக்குங்கன்னு நான் எப்படா சொன்னேன்? அழுகைய முழுங்கிட்டுத் தலையக் குனிஞ்சு நின்னேன். நீதான் அன்னைக்குச் சாப்பாடு குடுக்க வந்து கதவுகிட்ட நின்னு பாத்தியே."

எழுதியவன் செருப்பின் வாரைச் சரிசெய்யத் தொடங்கினான்.

"நான் பேசாததை என் வாயில ஒட்டியிருக்கே. சரி, என்னைக் கேட்டியா?"