அழிக்கச் சொன்ன இரண்டாவது டேக்

போன ஆடி மாதம் என் வீட்டு முன்னறையில் ஒரு முருகன் பாட்டைப் பதிவு செய்தோம். பாடியவர் ஒருவர், ஆர்மோனியம் வாசித்தவன் நான். அன்று நான் செய்த காரியத்தை எழுதிவிடலாம் என்று பலமுறை உட்கார்ந்து, முதல் வரியிலேயே என்னைப் பற்றி நல்லதாக எதையாவது சேர்த்துவிட்டுக் கிழித்திருக்கிறேன். இந்த முறை அப்படிச் செய்யாமலிருக்கப் பார்க்கிறேன்.

விழுப்புரத்தில் எங்கள் தெருமுனைக் கோயிலில் வெள்ளிக்கிழமை தோறும் பஜனை உண்டு. கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு அங்கே ஆர்மோனியம் வாசித்து வருகிறேன். பாட வருகிறவர்களில் வளவனூரில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவும் உண்டு. கடையைச் சாத்திவிட்டு, பிளவுஸ் துணி நூல் ஒட்டிய புடவையோடு பஸ் ஏறி வருவார். அவர் வாய் திறந்தால் பிரசாதத்துக்கு வந்த பிள்ளைகள்கூடச் சத்தத்தை நிறுத்திவிடும்.

அவருக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். பஜனை முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை, நான் ஆர்மோனியத்தை உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சார், கொரலு நரம்பு அந்தக் கட்டிய ஒட்டினாப்ல போவுதாம். கத்தி வெக்கும்போது கொரலு மாறினாலும் மாறலாம்னு டாக்டரு சொல்லிட்டாரு. அதுக்கு முன்ன ஒரே ஒரு பாட்டு நல்லா பாடி வெச்சிக்கணும் சார். நாளைக்கு பேரப்புள்ளங்க எங்க பாட்டி எப்பிடி பாடும்னு கேட்டா காட்ட எதுனா வேணாமா?"

பாட்டு நான் எழுதியது. மயிலம் முருகனைப் பற்றியது. மோகனத்தில் மெட்டமைத்தது அவர். தன் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே அமைத்ததாகச் சொன்னார்.

திண்டிவனத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் குறைந்த கூலிக்கு வர ஒப்புக்கொண்டார். அவரிடம் இருந்தது ஒரு கேமரா. இரண்டு கோணம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். ஒன்று பாடுகிறவர் முகத்துக்கு, மற்றொன்று ஆர்மோனியத்தில் ஓடும் விரல்களுக்கு. இரண்டாவது கேமராவுக்கு என் செல்போன் போதும் என்றேன்.

"வெரலுக்குத் தனி கேமராவா சார்?" என்று போனிலேயே சிரித்தார் வீடியோக்காரர். "ஹீரோ நீங்கதான் போல!"

சிரித்து மழுப்பினேன். அது யூட்யூபில் ஏறும், பழைய சக ஆசிரியர்கள் பார்ப்பார்கள், பழைய மாணவர்கள் பார்ப்பார்கள் என்ற கணக்கு எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பதிவு அன்று வீடியோக்காரர் காலையிலேயே வந்துவிட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் அந்த அம்மாவை உட்கார வைத்து, மறுபக்கக் கன்னத்தில் நிழல் விழாமல் ஒரு தெர்மாகோல் அட்டையை நாற்காலியில் சாய்த்தார். கேமராவை அவர் முகத்துக்கு நேராக நிறுத்தினார். காலர் மைக்கைப் புடவை மடிப்பில் குத்தி, அதன் ரிசீவரைக் கேமராவில் இணைத்தார். ஆர்மோனியத்துக்குத் தனி மைக் இல்லை. "அது தானா கேக்கும் சார். கொரலுதான் முக்கியம்" என்றார். என் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, ஒரு ஸ்டாண்டில் மாட்டி, ஆர்மோனிய ரீடுகளுக்கு ஒரு சாண் தூரத்தில் என் கையைப் பார்க்க வைத்தார். மின்விசிறியை நிறுத்தினோம். உடனே எல்லோருக்கும் வேர்த்தது.

"ரெண்டையும் ஓட வுட்டுட்டு நான் கைய ஒரு தட்டு தட்டுவேன். அந்தச் சத்தத்த வெச்சிதான் ரெண்டு படத்தையும் அப்புறம் ஒண்ணா சேப்பேன். தட்டினதும் ஆரம்பிக்காதீங்க, ஒரு மூச்சு வுட்டுட்டு ஆரம்பிங்க" என்றார்.

முதல் தடவை பாதிப் பாட்டில் ஜங்ஷன் பக்கமிருந்து ரயில் ஊதியது. அதை அழித்துவிட்டோம்.

இரண்டாவது தடவை அந்த அம்மா பாடியதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசிச் சரணத்தில் 'மலையிறங்கி வா' என்று ஒரு அடி வரும். ஒத்திகையில் மேல் ஷட்ஜத்தோடு திரும்பிவிடுகிற இடம். அன்று திரும்பவில்லை. மேல் காந்தாரத்துக்கு ஏறி அந்த 'வா'வில் அப்படியே நின்றுவிட்டார். எதிர்பாராத நான் பின்னாலேயே ஓடினேன். விரல் காந்தாரத்தைத் தாண்டி அடுத்த கட்டையில், மத்யமத்தில், விழுந்தது. மோகனத்தில் மத்யமமே கிடையாது. சட்டென்று எடுத்துவிட்டேன். அவர் அசையவில்லை. நின்று, நிதானமாக இறங்கி வந்து முடித்தார். வீடியோக்காரர் கேமராவை நிறுத்த மறந்து நின்றார்.

வெந்நீர் குடிக்க அந்த அம்மா சமையலறைக்குப் போனார். அங்கே அவரும் என் மனைவியும் பேசிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"இது போதும் சார். சூப்பரா வந்துகீது" என்றார் வீடியோக்காரர்.

"இன்னொண்ணு எடுத்துடலாம்."

"கார்டுல எடமில்ல சார். ஒரு காதுகுத்து ஃபங்ஷன் இன்னும் அதுலயே கீது. லேப்டாப்பும் எடுத்துக்கினு வரல. இன்னொண்ணு எடுக்கணும்னா இத்த அழிச்சாவணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க அந்த வெரலுக்கா பாக்கறீங்க? அந்த எடத்துல முகத்தக் காட்டிடறேன் சார். யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

அவர் சொன்னது பாதி சரி. படத்தை மறைத்துவிடலாம், சத்தத்தை மறைக்க முடியாது. ஒரே மைக்கில் குரலும் ஆர்மோனியமும் கலந்திருந்தன. அந்த ஒரு நொடி அபசுரம் அதிலேயே இருக்கும். எத்தனை பேர் கேட்பார்கள்? கேட்கிற நாலு பேரும் எனக்குத் தெரிந்தவர்களாக இருப்பார்கள். அது மட்டும்தான் அப்போது எனக்குத் தோன்றியது.

"அழிச்சிடுங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு அழித்தார்.

முந்தானையால் வாயைத் துடைத்தபடி வந்த அந்த அம்மா, "சரியா இருந்துதா சார்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் விரல் தப்பிவிட்டது, எனக்காக இன்னொரு தடவை பாடுங்கள் என்றால் மறுத்திருக்க மாட்டார். நான் சொன்னது வேறு.

"சரணத்துல மேல போனீங்களே, அங்க சுருதி கொஞ்சம் வெலகிடுச்சும்மா. அதான் இன்னொரு தடவை."

அவர் முகம் சுண்டிப்போனது. "ஆமா சார், எனக்கே ஒரு மாரி இருந்துது" என்றார். சுருதி விஷயத்தில் நான் சொன்னால் அவருக்கு அதுதான் தீர்ப்பு. என் பொய்யைத் தன் காதே கேட்டதாக நம்பினார்.

வீடியோக்காரர் மைக்கின் ஒயரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டார்.

மூன்றாவது டேக்கில் நான் ஒரு தவறும் செய்யவில்லை. அவர் பயந்து பயந்து பாடினார். அந்த அடி வந்ததும் மேலே ஏறவா வேண்டாமா என்று தயங்கி, பாதியில் குரல் கம்மி உடைந்தது. "இன்னொண்ணு பாடட்டா சார்?" என்றார். தொண்டை கட்டியிருந்தது. மறுவாரம் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். "இதுவே நல்லா இருக்கும்மா" என்று முடித்துவிட்டேன்.

படம் யூட்யூபில் ஏறியது. அவர் குரல் உடைகிற இடத்தில் என் விரல்கள் திரையை நிறைத்து ஓடின. வீடியோக்காரர் அவருக்கு உதவி செய்வதாக நினைத்து அங்கே கோணத்தை மாற்றியிருந்தார். 'வாசிப்பு அருமை ஐயா' என்று பழைய மாணவர்கள் எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் கைகூப்பும் படம் அனுப்பினேன்.

அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. குரல் திரும்பவில்லை. பேச முடிந்தது, காற்றும் கரகரப்புமாக. மாதங்கள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பஜனைக்கு வந்து, பாடாமல் தாளம் மட்டும் போட்டார். யாரோ ஒரு பெண் ஆஸ்பத்திரியைக் குறை சொல்லப் போக, அந்த அம்மா கையை அசைத்துத் தடுத்தார்.

"டாக்டரத் திட்டாதீங்க. அதுக்கு முன்னயே போயிடிச்சி எனக்கு. சார் வூட்ல பாடும்போதே சுருதி நிக்கல. சாரக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆர்மோனியத் துருத்தியின் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனம் பொய்யைவிட மோசமானது. அன்றைக்குப் பொய் சொன்னேன். இப்போது அது அவருடைய நினைவாகவே ஆகிவிட்டதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் வளவனூருக்குப் பஸ் ஏறினேன். கடையில் அவரும், பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்த மகளும் இருந்தார்கள். நாற்காலியில் கிடந்த துணிகளை மகள் எடுத்து இடம் கொடுத்தாள். டீ சொல்லப் போனவளை நிறுத்தி, நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போது வகுப்பில் பேசுகிற குரல்தான் வந்தது. அதற்கும் வெட்கமாக இருந்தது.

அந்த அம்மா தையல் மிஷினின் சக்கரத்தைப் பிடித்தபடி இருந்தார். மகள்தான் பேசினாள்.

"அம்மா ஆஸ்பத்திரில கையெழுத்து போடும்போது இன்னா சொல்லிச்சி தெரியுமா சார்? கெட்டுப்போன கொரலுதான, போனா போவட்டும்னு சொல்லிச்சி. நீங்க வாத்தியாருன்னுதான நம்பிச்சி?"

"நீ சும்மா இரு" என்றார் அம்மா, கரகரப்பாக. என்னிடம் திரும்பி, "அப்ப சரியாத்தான் நின்னுச்சா சார் அது?" என்றார்.

"நின்னுச்சும்மா. நான்தான் தப்பு பண்ணேன்."

"எனக்கு உங்க தப்பு கேக்கவே இல்லியே."

கேமராவில்தான் அது அழிந்தது, என் போனில் இருந்ததை நான் அழிக்கவில்லை என்றேன். என் விரல் தப்பிய இடத்தைத் தனியாக எத்தனை முறை போட்டுப் பார்த்திருக்கிறேன் என்பதையும் சொன்னேன். போனை நீட்டினேன். திரை முழுக்க என் கை, என் மோதிரம். ஒரு சாண் தூரத்தில் ரீடுகள் கத்தின. அவற்றுக்குப் பின்னால், அடுத்த அறையில் பாடுவதுபோல, அவர் குரல்.

அவர் போனைக் காதோடு வைத்துக்கொண்டார். 'மலையிறங்கி வா' வந்தபோது கண்ணை மூடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் மகளிடம் கொடுத்து, "இத என் போனுக்கு ஏத்து" என்றார்.

பிறகு என்னிடம், "இதுல உங்க கை தெரியாம பண்ண முடியுமா சார்? புள்ளங்க கேக்கும்போது எனக்கு அத்தப் பாக்க வேணாம்" என்றார்.

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டீ வரவில்லை.

மறுநாள் திண்டிவனம் போனேன். வீடியோக்காரர் ஆர்மோனியச் சத்தத்தைக் கொஞ்சம் அடக்கிப் பார்த்தார். அதோடு சேர்ந்து குரலும் மெலிந்தது. ஒன்றை விட்டு ஒன்றைப் பிரிக்க முடியவில்லை. விட்டுவிட்டோம்.

"படத்துக்கு இன்னா சார் வெக்கறது?"

"கருப்பா விட்டுடுங்க. என் கை தெரியக் கூடாது."

அவர் மவுஸை அழுத்தினார். என் விரல்கள் போய், திரை இருண்டது. அந்த இருட்டில் பாட்டு கடைசிவரை ஓடியது. அந்த ஒரு நொடி மத்யமமும் அதில் இருந்தது. இருவரும் கேட்டோம்.

"அன்னிக்கே வாண்டான்னு ஒரு வார்த்த நானும் அழுத்திச் சொல்லிருக்கணும் சார்" என்றார்.

அவர் சொல்லத்தான் சொன்னார் என்பது எனக்கு நினைவிருந்தது. அதை அவரிடம் சொல்லிவிட்டு, பென்டிரைவை வாங்கிக்கொண்டு வளவனூருக்குப் போனேன். கடையில் மகள் மட்டும் இருந்தாள். வாங்கி, மேசை இழுப்பறையில் போட்டாள்.