நான்காவது குறை

என்னிடம் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு கிரிக்கெட் அட்டைகள் இருக்கின்றன. மகன் வெளிநாடு போகும்போது விட்டுச்சென்ற இரண்டு டப்பாக்களில் தொடங்கியது. விழுப்புரத்தில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, அவற்றை ஒவ்வொன்றாக இணையத்தில் விற்க ஆரம்பித்தேன். முதல் சில மாதங்களில் மூன்று பேர் திட்டினார்கள். மூன்றும் என் தவறுதான். பாக்கெட்டிலிருந்து நேரே எடுத்த அட்டை புதிதாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் பின்பக்கத்தைப் பார்க்காமலே ‘புத்தம் புதிது’ என்று எழுதியிருந்தேன். அச்சகத்திலேயே ஓரம் வெளுத்து வரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அதன்பின் ஒரு முறை வகுத்துக்கொண்டேன். நான்கு மூலை, நான்கு ஓரம், இரண்டு முகம்: பத்து இடம். பத்தையும் உருப்பெருக்கியில் பார்த்து, கண்டதை எல்லாம் எழுதுவேன். பொதி கட்டுவதற்கும் முறை உண்டு. முதலில் ஸ்லீவ் என்னும் மெல்லிய பிளாஸ்டிக் உறை. பிறகு மேலே மட்டும் வாய் உள்ள கெட்டிப் பிளாஸ்டிக் கூடான டாப்லோடர். அதன் வாயை டேப்பால் ஒட்டி, வாங்கியவர் பிளேடு தேடாமல் இழுக்கும்படி டேப்பின் நுனியை மடித்துவிட வேண்டும். மேலும் கீழும் ஒவ்வொரு அட்டைப்பெட்டித் துண்டு. ரப்பர் பேண்ட் கூடாது, அது அழுத்தித் தடம் போடும். மறந்து ஒரு துண்டோடு அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக, துண்டுகளின் உட்பக்கத்தில் பென்சிலால் 1, 2 என்று எழுதுவது என் வழக்கம்.

இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் திண்டிவனத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் என் மனைவியின் தம்பியும் இந்த வியாபாரத்துக்கு வந்தான். எனக்கு இரண்டு வருடம் பின்னால். என்னிடமிருந்தே நான்கு அட்டை வாங்கி, பொதியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தான். அவனுக்கு அறுபத்தொன்று, எனக்கு அறுபத்தெட்டு. இப்போது அவன் பக்கத்தில் நானூற்றுப் பதினொரு பாராட்டுகள். ஒரு குறைகூட இல்லை. என் பக்கத்தில் இருநூற்று எண்பத்தாறு, அதோடு அந்த மூன்று திட்டு.

“எந்தம்பிய பத்தி கோயமுத்தூர்லேர்ந்து ஒருத்தர் எழுதியிருக்காரு, பாத்தீங்களா?” என்பாள் மனைவி.

பார்த்திருப்பேன். அவளுக்கு முன்பே பார்த்திருப்பேன். காலையில் பல் விளக்கும் முன் அவன் எண்ணைத்தான் பார்ப்பேன்.

நானூறு பேரில் ஒருவர் கண்ணிலும் படாத குறை இருக்கத்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதைக் கண்டுபிடிக்க, கண்டமங்கலத்தில் இருக்கும் பழைய நண்பரின் பெயரில் அவனிடம் ஒரு அட்டை வாங்கினேன். நண்பர் என்னோடு ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். பொதியைக் கொண்டுவந்து கொடுக்கும்போது, “என்னா சார், சொந்த மச்சான்கிட்ட திருட்டுத்தனமா வாங்கிக்கினு?” என்று சிரித்தார். “பரிசோதனை” என்றேன்.

ஒரு சுழற்பந்து வீச்சாளரின் மினுமினுப்பு அட்டை அது. மூன்று குறை எழுதியிருந்தான். பின்பக்கம் இடது கீழ் மூலையில் ஊசிமுனை அளவு வெளுப்பு. முன்பக்கம் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும் கீறல். படம் இடப்பக்கம் சற்றுத் தள்ளி அச்சாகியிருக்கிறது. டேப் நுனி மடித்திருந்தது, என்னைவிட நேர்த்தியாக. பத்து இடமும் பார்த்தேன். மூன்றும் இருந்தன. நான்காவது இல்லை.

ஸ்லீவிலிருந்து உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் மறுபடி பத்து இடம். இல்லை. கோபத்தில் அட்டையை ஸ்லீவில் போடாமல் அப்படியே டாப்லோடருக்குள் தள்ளினேன். வலது மேல் மூலை வாயில் தடுக்கியது. நான் நிறுத்தவில்லை. எடுத்துப் பார்த்தபோது மூலை மடிந்து வெள்ளைக் கோடு விழுந்திருந்தது.

நான்காவது குறை கிடைத்துவிட்டது. என் மனம் சந்தோஷப்பட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை.

நண்பரின் போனை வாங்கி நானே எழுதினேன்: ‘வலது மேல் மூலை மடிந்து வந்தது. விளக்கத்தில் இதைச் சொல்லவில்லை.’ ஐந்தில் இரண்டு நட்சத்திரம். பத்து நிமிடத்தில் அவனிடமிருந்து பதில் வந்தது. மன்னிப்புக் கேட்டிருந்தான். பணத்தைத் திருப்பிவிட்டதாகவும், முடிந்தால் அட்டையைத் திருப்பி அனுப்பினால் தபால் செலவு தன்னுடையது என்றும் எழுதியிருந்தான்.

மறுநாள் காலையில் எனக்குப் போன் செய்தான்.

“மாமா, பேஜாராப் போச்சி. என் பேக்கிங்ல எங்கியோ தப்பு நடந்துகினு இருக்குது. ஒரு மூலை மடிஞ்சி போயிருக்குதாம்.”

“தபால்ல ஆயிருக்கும்” என்றேன்.

“தபால்ல எப்டி மாமா ஆவும்? டாப்லோடர் ஒடையாம உள்ள மூலை மட்டும் மடியுமா? நான்தான் போடும்போது மடிச்சிட்டுப் பாக்காம உட்டுட்டேன் போல. கண்ணு மங்கிப் போச்சோ என்னாமோ. இருக்கற அட்டை எல்லாத்தையும் விற்பனையிலேர்ந்து எடுத்துட்டேன். காரணம் தெரியாம இன்னொருத்தருக்கு எப்டி அனுப்பறது? அந்த அட்டை வந்ததும் நீங்க ஒருதரம் வந்து பாருங்க. உங்க கண்ணு வேற, எங்கண்ணு வேற.”

விற்பனைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். முந்நூற்று இருபது அட்டைகள் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. நான் எதிர்பார்த்தது ஒரு கறை. அவன் கடையையே மூடிவிட்டான். அந்தக் காலியான பக்கத்தைப் பார்த்தபோதும் பொறாமைதான் வந்தது. அந்த மூன்று பேர் திட்டியபோது நான் ஒரு நாள்கூட விற்பதை நிறுத்தவில்லை.

அட்டையை அவனுடைய ஸ்லீவிலேயே மறுபடி போட்டு, திருப்பி அனுப்ப நானே பொதி கட்டினேன். நண்பர் அதைக் கண்டமங்கலத்தில் தபாலில் சேர்த்தார். நான்கு நாள் கழித்து மச்சானிடமிருந்து போன் வந்தது.

“அட்டை வந்துடுச்சி மாமா.”

“ம்.”

“பிரிச்சவங்க ஸ்லீவ் போடாம டாப்லோடர்ல திணிச்சிருக்காங்க. மடிப்பு உள்பக்கமா போயிருக்குது, ஸ்லீவ்ல இருந்தா அப்டி மடியாது. நான் போட்ட ஸ்லீவ்ல கோடே இல்ல. எம்மேல தப்பு இல்லைன்னு அதுலியே தெரிஞ்சி போச்சி.”

“நல்லது.”

கடையில் யாரோ ரீசார்ஜ் கேட்பது கேட்டது.

“அட்டப்பெட்டித் துண்டு ரெண்டுலயும் பென்சில்ல 1, 2னு போட்டிருக்குது மாமா. நான் ஒண்ணும் கேக்கல. சும்மா சொன்னேன்.”

கண்டமங்கலத்து நண்பர் வீட்டு மேசையில் வைத்துக் கட்டியிருந்தாலும் நான் எழுதியிருப்பேன். என் கை என்னைக் கேட்பதில்லை.

“அக்கா இருக்குதா? குடுங்க, பேசறேன்” என்றான். மனைவியிடம் கூட்டேரிப்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போவதைப் பற்றி மட்டும் பேசினான். அவள் சிரித்துக்கொண்டே பேசியதை எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வாக்கியமும் முடியும்போது, அடுத்ததில் சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

மாலையில் பஸ் ஏறிக் கண்டமங்கலம் போய் நண்பரின் போனைக் கேட்டேன். “சார், மறுபடியும் பரிசோதனையா? எம்பேரு கெட்டுப் போவுது” என்று முனகிக்கொண்டே கொடுத்தார். இரண்டு நட்சத்திரத்தை ஐந்தாக மாற்றி, பழைய வரிகளை அழித்துவிட்டு எழுதினேன்: ‘அட்டை சொன்ன மூன்று குறைகளோடு, சொன்னபடியே பத்திரமாக வந்தது. நான்காவதைச் செய்தது பிரித்துப் பார்த்த கை. ஸ்லீவ் இல்லாமல் திணித்ததால் மடிந்தது.’ நண்பர் படித்துப் பார்த்து, “எங்கையின்னு நெனைக்க மாட்டாங்களா?” என்றார். நினைப்பார்கள்தான். மன்னிப்புக் கேட்டேன். “வுடுங்க சார்” என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குள் குரல் கொடுத்து டீ போடச் சொன்னார்.

மறுநாள் அவனுடைய அட்டைகள் எல்லாம் விற்பனைக்குத் திரும்பியிருந்தன. அந்தச் சுழற்பந்து வீச்சாளரும் இருந்தார், குறைந்த விலையில், நான்கு குறைகளோடு. நான்காவதை அவன் இப்படி எழுதியிருந்தான்: ‘வலது மேல் மூலையில் இரண்டு மில்லிமீட்டர் மடிப்பு, முன்னிருந்து பார்த்தாலே தெரியும், நிமிராது.’ நான் எழுதியிருந்தால் ‘லேசான மடிப்பு’ என்றுதான் போட்டிருப்பேன்.

அவனுக்கு இப்போது நானூற்றுப் பன்னிரண்டு. அதில் ஒன்று நான் எழுதியது.